கோல்டு என்றால் என்ன கிடைக்கும்?

2025 ஜனவரி 10, வெள்ளிக்கிழமை மாலை, கோவையில் மோட்டார் பம்பு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் மிகவும் பணிவாகவே கேட்டார். "சார், நீங்க அனுப்புன இன்வாய்ஸ் எங்கிட்ட வந்திருக்குங்க. நாப்பதாயிரம், கோல்டு ஸ்பான்சர்னு போட்டிருக்குங்க. கோல்டுன்னா எங்களுக்கு என்னங்க கிடைக்கும்? எதுக்குன்னு எழுதாம எம்.டி. கையெழுத்துப் போட மாட்டாருங்க." நான் உடனே பதில் சொல்லத் தொடங்கினேன். மேடைப் பின்திரையில் லோகோ, டி-சர்ட்டில் லோகோ, சில இலவசப் பதிவுகள் என்று மூன்றாவது பயனுக்கு வந்தபோது, இலவசப் பதிவுகள் நான்கா ஐந்தா என்பது எனக்கே நினைவில் இல்லை என்பதை உணர்ந்தேன். பார்த்துவிட்டு எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தேன்.

எங்கள் குடியிருப்புப் பகுதியின் அறக்கட்டளை, பிப்ரவரி 23 ஞாயிறன்று காலை ஐந்து கிலோமீட்டர், பத்து கிலோமீட்டர் என இரண்டு ஓட்டங்களை நடத்தவிருந்தது. அதன் பொருளாளர் நான். சில்வர் 15,000 ரூபாய், கோல்டு 40,000 ரூபாய், பிளாட்டினம் 1,00,000 ரூபாய் என மூன்று பிரிவுகளில் எட்டுப் பேர் ஆதரவளிக்க ஒப்புக்கொண்டிருந்தார்கள். பிளாட்டினத்தில் ஒருவர், கோல்டில் மூவர், சில்வரில் நால்வர் என்று மொத்தம் 2,80,000 ரூபாய் வர வேண்டும். ஜனவரி 6 அன்று எட்டுப் பேருக்கும் நான் இன்வாய்ஸ் அனுப்பினேன். நான்கு நாட்களில் பணம் அனுப்பியவர் ஒரே ஒருவர், அவரும் எங்கள் தலைவரின் பால்ய நண்பர்.

அன்றிரவு நான் அனுப்பிய செய்தியை, எதுவும் தெரியாத ஒருவரின் கண்ணால் மறுபடி படித்துப் பார்த்தேன். அது இப்படி இருந்தது.

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். எங்கள் ஓட்ட நிகழ்வுக்குக் கோல்டு ஸ்பான்சராக ஆதரவளிக்க முன்வந்தமைக்கு மனமார்ந்த நன்றி. தங்கள் நன்கொடைக்கான இன்வாய்ஸ் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. ஏற்கெனவே பேசியபடி, அனைத்து விளம்பரங்களிலும் தங்கள் லோகோ இடம்பெறும். ஆயிரக்கணக்கான மக்களைத் தங்கள் பெயர் சென்றடைய இது ஓர் அரிய வாய்ப்பு. தொகையை விரைவில் செலுத்துமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

மரியாதைக்கு இதில் குறைவில்லை. ஆனால் நாற்பதாயிரம் ரூபாய் கொடுப்பவர் எதைப் பெறுகிறார் என்பதற்கு இதில் தெளிவான ஒரு சொல்கூட இல்லை. நான் செய்த பிழை, செய்தியை யார் படிப்பார் என்று யோசிக்காததுதான். டிசம்பரில் அந்த நிறுவனத்தின் வரவேற்பறையில் நானும் தலைவரும் உட்கார்ந்து பேசியது அதன் நிர்வாக இயக்குநரிடம். அவர் எங்கள் துண்டறிக்கையைப் பார்த்தார், காப்பி கொடுத்தார், சரி என்றார். இன்வாய்ஸ் போனதோ அவரிடம் அல்ல. அது கணக்குப் பிரிவுக்குப் போய், அங்கே வவுச்சர் எழுதப்பட்டு, ஒப்புதலுக்காக மீண்டும் அவர் மேசைக்கு வரும். இடைப்பட்ட ஒரு மாதத்தில் அவர் பத்து இன்வாய்ஸ்களையாவது பார்த்திருப்பார். "ஏற்கெனவே பேசியபடி" என்ற சொற்றொடர், பேச்சில் இல்லாதவருக்குப் பொருளற்றது, பேச்சில் இருந்தவருக்கோ மறந்துபோனது.

"அனைத்து விளம்பரங்களிலும்" என்பது இன்னும் மோசம். இதே வரியை நான் சில்வர், கோல்டு, பிளாட்டினம் மூன்று பிரிவினருக்கும் வெட்டி ஒட்டி அனுப்பியிருந்தேன். பதினைந்தாயிரம் கொடுக்கும் இனிப்புக் கடைக்காரர் இதைப் படித்தால், டி-சர்ட்டிலும் தம் கடையின் பெயர் வரும் என்றுதான் நினைப்பார். அப்படி நினைப்பதில் தவறும் இல்லை. எங்கள் மனத்திலோ டி-சர்ட் என்பது கோல்டு பிரிவிலிருந்துதான் தொடங்குகிறது. மூன்று விலைகளை வைத்துவிட்டு மூன்றுக்கும் ஒரே வாக்குறுதியை எழுதியிருந்தேன்.

பொங்கல் விடுமுறையில் இதைத் திருத்தி எழுத உட்கார்ந்தேன். முதலில் செய்தியைத் தொடவே இல்லை. ஒரு தாளில் நாங்கள் உண்மையில் கொடுக்கப்போகும் பொருள்களை மட்டும் எழுதினேன். மேடைப் பின்திரை, டி-சர்ட்டின் பின்புறம், ஓட்டக்காரர்கள் பிப் என்று சொல்லும் நெஞ்சு எண் அட்டை, தொடக்கக் கோட்டு வளைவு, முடிவுக் கோட்டுப் பாதையோரத் தட்டிகள், ஸ்டால், இலவசப் பதிவுகள், மேடை அறிவிப்பு, இன்ஸ்டாகிராம் பதிவு. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டேன். எங்கே, எவ்வளவு, எப்போது? பாதிக்கும் மேற்பட்ட இடங்களில் என்னிடமே பதில் இல்லை. செய்தி தெளிவில்லாமல் இருந்ததற்கு மொழி மட்டும் காரணம் அல்ல. குழுவே பல விஷயங்களை முடிவு செய்யாமல் வைத்திருந்தது. அன்று மாலையே நால்வரைக் கூட்டி, ஒவ்வொரு வரியாக முடிவு செய்தோம்.

இவற்றில் டி-சர்ட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்பான்சர்கள் அதிகம் விரும்புவதும், அதிகம் மனக்கசப்பு வருவதும் அதில்தான். பின்திரை அன்று மதியமே சுருட்டப்பட்டுவிடும். டி-சர்ட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டக்காரர்கள் ஓராண்டுக்குப் பூங்காவில் நடப்பார்கள். எங்கள் டி-சர்ட்டுகள் திருப்பூரில் அச்சாகின்றன. பின்புறத்து லோகோக்கள் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் அச்சிடப்படுகின்றன. இதில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிச் சட்டம் வேண்டும், ஒவ்வொரு சட்டத்துக்கும் தனிச் செலவு. எனவே எல்லா லோகோக்களையும் ஒரே வெள்ளை நிறத்தில் ஒரே சட்டத்தில் சேர்த்து அடிப்போம். இது அச்சகத்தாருக்கும் எங்களுக்கும் தெரியும், ஸ்பான்சருக்குத் தெரியாது. முந்தைய ஆண்டு ஒரு மருத்துவமனை, தன் பச்சை நிற லோகோ வெள்ளையாக வந்ததைப் பார்த்து, "இது எங்க லோகோவே இல்லை" என்றது. அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது, நாங்கள் முன்பே சொல்லியிருக்கவில்லை. ஆகவே இம்முறை "டி-சர்ட்டில் லோகோ" என்ற இரண்டு சொற்கள், "டி-சர்ட்டின் பின்புறம், 3 அங்குல அகலத்தில், வெள்ளை நிறத்தில் மட்டும்" என்று விரிந்தன.

அதே டி-சர்ட்டுதான் கடைசி நாளையும் தீர்மானித்தது. பிப்ரவரி 5 அன்று வடிவமைப்பு திருப்பூருக்குப் போய்விட வேண்டும், அதற்குப் பிறகு சட்டம் தயாராகிவிடும், யார் பெயரையும் சேர்க்க முடியாது. வடிவமைப்பாளருக்கு மூன்று நாட்கள் தேவை. எனவே பணமும் லோகோவும் ஜனவரி 31க்குள் வர வேண்டும். பழைய செய்தியில் இருந்த "விரைவில்" என்ற சொல்லை எடுத்துவிட்டு, இந்தக் காரணத்தையே எழுதினேன். கெஞ்சலைவிடக் காரணம் வேலை செய்யும் என்பது மட்டுமல்ல, தாமதமானால் என்ன ஆகும் என்பதையும் அப்போதே சொல்லிவிட முடிந்தது. ஜனவரி 31 கடந்துவிட்டால் டி-சர்ட் லோகோ கிடையாது. மற்ற பயன்கள் தொடரும், தொகை 30,000 ஆகக் குறையும். இந்தக் கழிவைப் பற்றிக் குழுவில் அரைமணி நேரம் வாதம் நடந்தது. தாமதம் அவர்களுடையது, நாம் ஏன் குறைக்க வேண்டும் என்றார் ஒருவர். கொடுக்காத பொருளுக்குப் பணம் வாங்க முடியாது என்று நான் சொன்னேன். டி-சர்ட் பத்தாயிரம் மதிப்புள்ளது என்று எந்தக் கணக்கும் சொல்லவில்லை, நாங்கள் அப்படி ஒப்புக்கொண்டோம், அவ்வளவுதான்.

"ஆயிரக்கணக்கான மக்களை" என்பதையும் நீக்கினேன். பதிவை 600 பேரோடு மூடுகிறோம். டி-சர்ட்டுகள் 620 அச்சாகின்றன. எத்தனை பேர் பார்ப்பார்கள் என்பது எங்கள் கையில் இல்லை, எத்தனை அச்சடிக்கிறோம் என்பது எங்கள் கையில் இருக்கிறது. இன்வாய்ஸோடு போகும் செய்தியில் இரண்டாவது வகை எண்களை மட்டுமே எழுதுவது என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்த கேள்வி, ஒவ்வொருவருக்கும் மூன்று பிரிவுகளின் பயன்களையும் அட்டவணையாக அனுப்புவதா என்பது. துண்டறிக்கையில் அட்டவணை நன்றாகவே இருக்கும், ஏனென்றால் அங்கே படிப்பவர் தேர்ந்தெடுக்கிறார். இன்வாய்ஸ் வரும்போது தேர்வு முடிந்துவிட்டது. தவிர, எங்கள் செய்திகள் பெரும்பாலும் வாட்ஸாப்பில் படிக்கப்படுகின்றன. தொலைபேசித் திரையில் மூன்று நெடுவரிசை அட்டவணை குலைந்துவிடும். "சில்வரில் உள்ள அனைத்தும், மேலும்..." என்று ஏணிப்படியாக எழுதும் வழக்கமும் இங்கே உதவாது. கோல்டு இன்வாய்ஸை வைத்திருக்கும் கணக்காளரிடம் சில்வர் பட்டியல் இருக்காது, அவர் எதைக் கூட்டிப் பார்ப்பார்? எனவே ஒவ்வொருவருக்கும் அவரவர் பிரிவின் பயன்களை முழுமையாக எழுதி, பக்கத்துப் பிரிவோடு உள்ள வேறுபாட்டை மட்டும் ஒரே வாக்கியத்தில் சொல்வது என்று முடிவு செய்தேன்.

இங்கேதான் எங்கள் தலைவர் மறுத்தார். அவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், எழுத்தில் கவனமானவர். "என்ன உண்டுன்னு சொல்லு தம்பி, சரி. எது இல்லைன்னு எதுக்கு எழுதறே? காசு குடுக்கறவன் மனசைக் கலைக்கற மாதிரி இருக்கு" என்றார். சில்வர் செய்தியில் "டி-சர்ட்டில் லோகோ இந்தப் பிரிவில் சேராது" என்ற வரியைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னார். "ஐயா, அவங்க மனசு இப்பக் கலைஞ்சா ஒரு ஃபோன்தான் வரும். ஓட்டத்தன்னைக்குக் காலையில டி-சர்ட்டைக் கையில வாங்கிப் பாத்துட்டுக் கலைஞ்சா, மைக் இருக்கிற மேடைக்கே வருவாங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் வரியை விட்டுவிட்டார்.

கோல்டு பிரிவுக்கான செய்தி கடைசியில் இப்படி அமைந்தது. வாட்ஸாப்பில் நீண்ட செய்தியின் தொடக்க வரிகள் மட்டுமே முதலில் கண்ணில் படும் என்பதால், தொகையும் தேதியும் நன்றிக்கு முன்னே போயின.

"கோல்டு ஆதரவு, ரூ.40,000. செலுத்த வேண்டிய கடைசி நாள் 31 ஜனவரி 2025.

வணக்கம். பிப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை காலை நடைபெறும் எங்கள் பகுதி ஓட்டத்துக்குக் கோல்டு ஆதரவாளராக இணையத் தங்கள் நிர்வாக இயக்குநர் டிசம்பரில் இசைவு தெரிவித்தார். அதற்கான இன்வாய்ஸை இணைத்துள்ளோம். நன்றி.

இத்தொகைக்குத் தங்கள் நிறுவனத்துக்குக் கிடைப்பவை:
1. 620 டி-சர்ட்டுகளின் பின்புறத்தில் தங்கள் லோகோ, 3 அங்குல அகலம், வெள்ளை நிறத்தில் மட்டும்.
2. மேடைப் பின்திரையின் இரண்டாம் வரிசையில் தங்கள் லோகோ, முழு வண்ணத்தில், 2 அடி அகலம்.
3. முடிவுக் கோட்டுக்கு முந்தைய பாதையில் தங்கள் தட்டி ஒன்று, 6க்கு 3 அடி. தட்டியைத் தாங்கள் அச்சிட்டுத் தர வேண்டும், கட்டுவதும் அவிழ்ப்பதும் எங்கள் பொறுப்பு.
4. தங்கள் ஊழியர்கள் ஐவருக்குக் கட்டணமின்றிப் பதிவு.
5. பரிசளிப்பின்போது மேடையில் தங்கள் நிறுவனப் பெயர் இருமுறை அறிவிக்கப்படும்.
6. நிகழ்வுக்கு முந்தைய வாரம் எங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் தங்கள் பெயரில் தனிப் பதிவு ஒன்று.

ஸ்டால், பிப் அட்டையில் லோகோ, தொடக்கக் கோட்டு வளைவில் பெயர் ஆகியவை பிளாட்டினம் பிரிவில் மட்டுமே உள்ளன.

டி-சர்ட் வடிவமைப்பு பிப்ரவரி 5 அன்று அச்சுக்குப் போகிறது. ஜனவரி 31க்குள் தொகையும் லோகோவின் கோரல்டிரா அல்லது பி.டி.எஃப். மூலக் கோப்பும் வந்தால்தான் முதல் பயனைத் தர இயலும். அதன் பிறகு வந்தால் 2 முதல் 6 வரையுள்ள பயன்கள் மட்டும் தரப்படும், தொகை ரூ.30,000 எனத் திருத்திய இன்வாய்ஸ் அனுப்புவோம்."

இதன் கீழே வரி குறித்த ஒரு பத்தியும், வங்கிக் கணக்கு விவரம் இன்வாய்ஸிலும் செய்தியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுமாறு ஒரு வரியும், என் கைப்பேசி எண்ணும் இருந்தன. ஆறு பயன்களுக்கும் எண் போட்டது அழகுக்காக அல்ல. "மூன்றாவது பாயிண்டில் சொன்ன தட்டியை எங்கே கொண்டுவந்து கொடுப்பது?" என்று அவர்கள் கேட்க அது உதவியது. அதே ஆறு வரிகளை இன்வாய்ஸின் விவரப் பகுதியிலும் சுருக்கி இட்டேன். வாட்ஸாப் செய்தி தொலைந்தாலும், கோப்பில் இருக்கும் தாள் தானே பேச வேண்டும்.

வரிப் பத்தி என் சொந்த அறிவில் வந்ததல்ல, எங்கள் ஆடிட்டரிடம் கேட்டு எழுதியது. ஆனால் பயன்களைத் தெளிவாக எழுதியதன் விளைவு அதில்தான் அதிகம் தெரிந்தது என்பதால் இங்கே சொல்கிறேன். பழைய செய்தி ஒரே மூச்சில் "ஸ்பான்சர்" என்றும் "நன்கொடை" என்றும் சொன்னது. இரண்டும் வேறு. நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்க வழிசெய்யும் 80ஜி பதிவு எங்கள் அறக்கட்டளைக்கு இருப்பதால், சில்வர் பிரிவில் ஒப்புக்கொண்ட பல் மருத்துவர் ஒருவர் அந்த ரசீதைக் கேட்டிருந்தார். அவருடைய கிளினிக்கின் லோகோ பின்திரையில் வரப்போகிறது, அதற்கு அவர் பணம் தருகிறார் என்றால் அது விளம்பரத்துக்கான கட்டணம், அவருடைய தொழிற்செலவு. அதற்கு நன்கொடை ரசீது தர முடியாது என்றார் ஆடிட்டர். நன்கொடையாளரின் பெயரை நன்றிக்காக மட்டும், தொழிலை விளம்பரப்படுத்தாத வகையில் பலகையில் எழுதினால் அதற்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று 2019 அக்டோபரில் மத்திய அரசு ஒரு சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியிருப்பதையும் அவர் காட்டினார். மருத்துவரிடம் இரண்டு வழிகளையும் எழுதி அனுப்பினேன். அவர் லோகோ வேண்டாம், தம் பெயர் மட்டும் நன்றிப் பலகையில் இருந்தால் போதும் என்று நன்கொடையையே தேர்ந்தெடுத்தார். தொகை அதே பதினைந்தாயிரம்தான், தாள்தான் வேறு.

பம்பு நிறுவனம் போன்ற கம்பெனிகளுக்கு வேறொரு கேள்வி இருந்தது. எங்கள் அறக்கட்டளைக்கு ஜி.எஸ்.டி. பதிவு இல்லை, ஆகவே நாங்கள் அந்த வரியை வசூலிக்க முடியாது. ஆனால் ஸ்பான்சர் சேவையைக் கம்பெனியோ பங்குதாரர் நிறுவனமோ பெற்றால், சேவையைப் பெறுபவரே வரியை நேரடியாக அரசுக்குச் செலுத்த வேண்டிய முறை இருக்கிறது. 40,000 ரூபாய்க்கு 18 சதவீதம், அதாவது 7,200 ரூபாய். 2025 ஜனவரி 16 முதல், சேவையைத் தருபவரும் கம்பெனியாக இருந்தால் இம்முறை பொருந்தாது என்று விதி மாறியது. நான் திருத்திக்கொண்டிருந்த அதே பொங்கல் வாரத்தில் வந்த மாற்றம் அது. நாங்கள் அறக்கட்டளை என்பதால் எங்களுக்குப் பழைய முறையே தொடர்ந்தது. செய்தியில் இதை, "இத்தொகையில் ஜி.எஸ்.டி. சேர்க்கப்படவில்லை, தங்கள் நிறுவனம் கம்பெனியாகவோ பங்குதாரர் நிறுவனமாகவோ இருந்தால் வரியைத் தாங்களே செலுத்தும் முறை பொருந்தும்" என்று மட்டும் எழுதினேன். சொல்லாமல் விட்டிருந்தால், நாற்பதாயிரத்துக்குள்ளேயே வரியும் அடங்கியிருக்கிறது என்று எண்ணி அவர்கள் கழித்து அனுப்பியிருக்கக்கூடும்.

கழித்து அனுப்பத்தான் செய்தார்கள், ஆனால் வேறு காரணத்துக்காக. விளம்பர ஒப்பந்தப் பணிகளுக்கு அப்போது வருமான வரிச் சட்டத்தின் 194சி பிரிவின்படி, ஒரே தொகை 30,000 ரூபாயைத் தாண்டினால் எங்களைப் போன்ற அறக்கட்டளைக்குச் செலுத்துகையில் 2 சதவீதத்தை டி.டி.எஸ். என்ற வருமான வரிப் பிடித்தமாகக் கழித்துக்கொள்வார்கள். முந்தைய ஆண்டு ஒரு கோல்டு ஆதரவாளர் 39,200 அனுப்பியபோது, எண்ணூறு ரூபாய் பாக்கி என்று நான் அவருக்கு இருமுறை நினைவூட்டல் அனுப்பியதை இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அந்த எண்ணூறு எங்கள் பான் எண்ணில் வரவு வைக்கப்பட்டிருந்தது. இம்முறை கோல்டு, பிளாட்டினம் செய்திகளில் "டி.டி.எஸ். பிடித்தால் ரூ.39,200 வந்தாலே முழுத் தொகை வந்ததாகக் கொள்வோம், பான் எண் இன்வாய்ஸில் உள்ளது" என்று தொகைக்கேற்ப மாற்றி எழுதினேன். சில்வர் பிரிவுக்கு 15,000 என்பது வரம்புக்குக் கீழே இருப்பதால் அந்த வாக்கியத்தையே போடவில்லை. தேவையில்லாதவருக்கு வரி விளக்கம் கொடுத்தால் அவர் பயந்து ஆடிட்டரைத் தேடுவார், பணம் இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போகும்.

பிளாட்டினம் செய்தியில் அதிக நேரம் எடுத்தது ஸ்டால். "10க்கு 10 அடி ஸ்டால்" என்று எழுதினால் போதும் என்று நினைத்தேன். எங்கள் தளவாடப் பொறுப்பாளர் அதைப் படித்துவிட்டு, ஷாமியானா உண்டா, மேசை எத்தனை, மின்சாரம் உண்டா, எத்தனை மணிக்கு வண்டி உள்ளே வரலாம் என்று அடுக்கினார். ஓட்டத்துக்காகச் சாலை மூடப்பட்ட பிறகு எந்த வண்டியையும் காவல் துறை உள்ளே விடாது. ஆறு மணிக்கு வண்டியோடு வந்து நிற்கும் ஸ்பான்சருக்கு ஸ்டால் இருந்தும் இல்லாததுபோலத்தான். ஆகவே அந்த ஒரு பயன் மட்டும், ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஐந்து ஆம்பியர் பிளக் ஒன்று, பொருள்களை அதிகாலை நான்கரைக்குள் இறக்கிவிட வேண்டும் என்று நான்கு வரியானது.

ஜனவரி 20, திங்களன்று திருத்திய செய்திகள் போயின. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். சில்வர் ஆதரவாளர்களில் ஒரு துணிக்கடை உரிமையாளர் அன்றே அழைத்தார். "டி-சர்ட்ல எங்க பேரு வராதுங்களா? நாங்க துணிக்கடைங்க, எங்களுக்கு அதுதானுங்க முக்கியம்" என்றார். கோல்டுக்கு மாற அவருக்கு மனமில்லை, விலகிக்கொண்டார். பதினைந்தாயிரம் போயிற்று. தலைவர் என்னைப் பார்த்த பார்வையில் "நான் சொன்னேனே" என்று இருந்தது. பழைய செய்தியை வைத்தே வாங்கியிருந்தால் அந்தப் பணம் வந்திருக்கும் என்பது உண்மை. வேறொரு கோல்டு ஆதரவாளரின் பணம் பிப்ரவரி 7 அன்றுதான் வந்தது, அதுவும் முழு நாற்பதாயிரமாக. அவர் செய்தியைக் கடைசிவரை படிக்கவில்லை போலும். பத்தாயிரத்தைத் திருப்பி அனுப்பி, முப்பதாயிரத்துக்குத் திருத்திய இன்வாய்ஸும் அனுப்பினேன். பம்பு நிறுவனத்தின் 39,200 ரூபாய், செய்தி போன மூன்றாம் நாளே வந்துவிட்டது. கேள்வி எதுவும் வரவில்லை. அந்தக் கணக்காளர், லோகோவின் கோரல்டிரா கோப்பையும் ஐந்து ஊழியர்களின் பெயர், டி-சர்ட் அளவுகளையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார்.

பிப்ரவரி 23 அன்று காலை, தன்னார்வலர்களிடம் நான் கொடுத்த தாள் இந்தச் செய்திகளின் எண்ணிட்ட வரிகளைத்தான் கொண்டிருந்தது. யார் தட்டி எங்கே, யார் பெயர் எத்தனை முறை என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, புகைப்படம் எடுத்து, எதிரே டிக் போட்டார்கள். ஒரு வாரம் கழித்து ஒவ்வொரு ஆதரவாளருக்கும் அதே வரிசையில் அதே எண்களோடு படங்களை அனுப்பினேன். பம்பு நிறுவனத்துக்கு ஐந்தாவது வரிக்கு எதிரே மட்டும் டிக் பாதிதான் இருந்தது. பரிசளிப்பு தாமதமாகி வெயில் ஏறிவிட்டதால், தொகுப்பாளர் இரண்டாவது சுற்று அறிவிப்பைத் தவிர்த்துவிட்டார். "மேடை அறிவிப்பு ஒருமுறை மட்டுமே செய்யப்பட்டது, இரண்டாவதற்கு ஈடாக எங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் மேலும் ஒரு பதிவு இடுகிறோம்" என்று எழுதி அனுப்பினேன். அரைமணி நேரத்தில் கணக்காளரிடமிருந்து பதில் வந்தது. ஊழியர்கள் ஐவர் டி-சர்ட்டோடு எடுத்துக்கொண்ட படம் ஒன்றை இணைத்து, பதிவில் இதைப் போடுமாறு கேட்டிருந்தார்.